பயோகிளிட்டசோன்: சர்க்கரை இறங்கும்போது எடை ஏறுவது ஏன்?

2013 ஜூன் மாதத்தில் இந்திய அரசு பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரையின் விற்பனையை நிறுத்திவைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2011இல் பிரான்சு இதே காரணத்துக்காக இந்த மருந்தைத் திரும்பப் பெற்றிருந்தது. ஆனால் இந்தியாவில் ஏறத்தாழ ஆறே வாரத்தில், ஜூலை 31 அன்று, நிபந்தனைகளுடன் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. நீரிழிவுக்கு முதல் மருந்தாக இதைக் கொடுக்கக் கூடாது என்பதும், பெட்டியிலும் துண்டுச் சீட்டிலும் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்பதும் அந்த நிபந்தனைகளில் அடக்கம். அதற்குப் பின் மாத்திரை தொடர்ந்து விற்பனையில் இருக்கிறது, "தடை செய்த மாத்திரைதானே இது?" என்ற கேள்வியும் தொடர்கிறது.

புற்றுநோய் பற்றிய ஆய்வு முடிவுகள் இன்றும் ஒருமுகமாக இல்லை. 2015இல் வெளியான அமெரிக்கப் பெருந்தொகுதி ஆய்வு ஒன்று, குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து இல்லை என்றது. 2016இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, ஆபத்து கூடுகிறது என்றது. எனவே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும், சிறுநீரில் ரத்தம் வந்து அதன் காரணம் இன்னும் கண்டறியப்படாதவர்களுக்கும் இந்த மாத்திரை கொடுக்கப்படுவதில்லை. அந்த விவாதம் பெரிதாக ஒலித்ததில், இந்த மாத்திரையை உட்கொள்பவர்களில் அதைவிடப் பன்மடங்கு அதிகமானோர் சந்திக்கும் இன்னொரு சிக்கல் பின்னுக்குப் போய்விட்டது. உடலில் நீர் தேங்குவதும் எடை கூடுவதுமே அந்தச் சிக்கல். இவை மருந்தின் வேலையோடு தொடர்பில்லாமல் வந்து ஒட்டிக்கொண்ட விளைவுகள் அல்ல. மருந்து எந்த வழியில் நன்மை செய்கிறதோ, ஏறத்தாழ அதே வழியில்தான் இவையும் வருகின்றன.

## இன்சுலின் இருந்தும் சர்க்கரை இறங்காத நிலை

இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்க ஆண்டுகளில் பலருக்கு இன்சுலின் சுரப்பு குறைவாக இருப்பதில்லை. சிலருக்கு அது இயல்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் கல்லீரலும் தசையும் கொழுப்புத் திசுவும் அந்த இன்சுலினின் கட்டளைக்கு உரிய அளவில் செவிசாய்ப்பதில்லை. தசை, ரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறது. கல்லீரலோ, சாப்பிட்டு முடித்த பின்னரும்கூட, பட்டினி கிடக்கும் உடலுக்கு உணவூட்டுவதுபோல் குளுக்கோஸைத் தயாரித்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு எனப்படுகிறது. இந்த எதிர்ப்பு குறைந்து, அதே அளவு இன்சுலினுக்குக் கூடுதல் பலன் கிடைக்கும் நிலையை இன்சுலின் உணர்திறன் மேம்படுவதாகச் சொல்கிறோம்.

இந்த எதிர்ப்புக்கு ஒரு முக்கியக் காரணம், கொழுப்பு தனக்குரிய இடத்தில் தங்காமல் வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்வது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புச் செல்கள் நிரம்பிப் பெருத்துவிட்டால், அவை கொழுப்பு அமிலங்களைப் பிடித்துவைக்க முடியாமல் ரத்தத்தில் கசியவிடுகின்றன. வீட்டுக் குதிர் நிரம்பிய பின்னும் அறுவடை வந்துகொண்டே இருந்தால் நெல் கூடத்திலும் அறையிலும் குவிவதுபோல, அந்தக் கொழுப்பு கல்லீரலுக்குள்ளும் தசைக்குள்ளும் சென்று படிகிறது. அவ்வாறு படிந்த கொழுப்பின் துணைப்பொருள்கள், செல்லுக்குள் இன்சுலினின் செய்தி கடந்து செல்லும் பாதையைத் தடுக்கின்றன.

## மாத்திரை செய்யும் வேலை

பயோகிளிட்டசோன் கணையத்தைத் தூண்டுவதில்லை. அது கொழுப்புச் செல்களின் உட்கருவில் இருக்கும் பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியைச் சென்று பற்றுகிறது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒருவகைச் சுவிட்சாக இந்த ஏற்பி செயல்படுகிறது. அது இயக்கப்பட்ட பின் நடப்பவற்றைப் பின்வரும் வரிசையில் புரிந்துகொள்ளலாம்.

1. இன்னும் முதிராத கொழுப்புச் செல்கள் முதிர்ந்து, சிறிய புதிய கொழுப்புச் செல்களாகின்றன. இவை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்ப்பவை. இவை பெருமளவில் தோலுக்கு அடியிலேயே உருவாகின்றன.

2. ரத்தத்தில் சுற்றும் கொழுப்பு அமிலங்களை இந்தப் புதிய செல்கள் எடுத்துக்கொள்கின்றன. அதனால் கல்லீரலிலும் தசையிலும் படியும் கொழுப்பு குறைகிறது.

3. கொழுப்புத் திசுவில் சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனின் அளவு உயர்கிறது. கல்லீரலையும் தசையையும் இன்சுலினுக்கு இணங்கச் செய்வதில் இதற்கும் பங்கு உண்டு.

4. இவற்றின் விளைவாகக் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ் குறைகிறது. தசை உள்ளே எடுக்கும் குளுக்கோஸ் கூடுகிறது.

இந்த வரிசையிலிருந்து நடைமுறைக்குத் தேவையான சில முடிவுகள் தாமாகவே வருகின்றன. புதிய செல்கள் உருவாகி, கொழுப்பு இடம் மாற வேண்டியிருப்பதால் மருந்தின் முழுப் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு "இந்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை" என்று முடிவுகட்டுவது பொருந்தாது. உடலில் இன்சுலின் இருந்தால்தான் இது வேலை செய்யும் என்பதால் முதலாம் வகை நீரிழிவுக்கு இது மருந்தாவதில்லை. கணையத்தைத் தூண்டாததால் இதைத் தனியாக எடுத்துக்கொள்பவருக்குத் தாழ்சர்க்கரை ஏற்படுவது அரிது. ஆனால் கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரையுடனோ இன்சுலினுடனோ சேர்த்து எடுத்துக்கொள்ளும்போது, அவற்றின் வலிமை கூடுவதால், தாழ்சர்க்கரை ஏற்பட வாய்ப்புண்டு.

## எடையின் முதல் பகுதி: கொழுப்பு

மேலே சொன்ன முதல் இரண்டு படிகளை மீண்டும் படித்தால், எடை கூடுவதன் ஒரு காரணம் அவற்றுக்குள்ளேயே இருப்பது தெரியும். கூடுதல் சேமிப்பு இடம் உண்டாக்கப்படுகிறது, சேமிப்பும் நடக்கிறது. இதற்கு முன் சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்த குளுக்கோஸும் இப்போது உடலிலேயே தங்குகிறது. சிலருக்குப் பசியும் சற்றுக் கூடுகிறது.

புரோஆக்டிவ் என்ற பெரிய ஆய்வு 2005இல் வெளியானது. இதய, ரத்தக்குழாய் நோய் ஏற்கெனவே இருந்த 5,238 நீரிழிவு நோயாளிகளை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கண்காணித்த அந்த ஆய்வில், பயோகிளிட்டசோன் பெற்றவர்களின் எடை சராசரியாக 3.6 கிலோ கூடியது. வெற்று மாத்திரை பெற்றவர்களின் எடையோ 0.4 கிலோ குறைந்தது. அந்த ஆய்வில் மருந்தளவு 45 மி.கி. வரை உயர்த்தப்பட்டது என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். இந்தியாவில் 7.5 மி.கி., 15 மி.கி. அளவுகளே பெரிதும் புழங்குகின்றன. எடை கூடுவது மருந்தளவைச் சார்ந்தது.

கூடும் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் சேர்கிறது; குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் உள்ள கொழுப்பு கூடுவதில்லை, பலருக்குக் குறையவே செய்கிறது. வளர்சிதை மாற்றக் கணக்கில், இடுப்பிலும் தொடையிலும் சேரும் இரண்டு கிலோ, வயிற்றுக்குள் சேரும் இரண்டு கிலோ அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. ஆனாலும் இதை ஒரு சமாதானமாகச் சொல்லி நோயாளியை அனுப்பிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு அந்த இரண்டு கிலோ எங்கே சேர்ந்தாலும் சுமைதான்.

## எடையின் இரண்டாம் பகுதி: நீர்

பிபிஏஆர்-காமா ஏற்பி கொழுப்புச் செல்களில் மட்டும் இருப்பதில்லை. சிறுநீரகத்தில் சிறுநீர் இறுதியாக வடிவம் பெறும் சேகரிப்புக் குழாய்களிலும் இருக்கிறது. அங்கே இயக்கப்படும்போது அது சோடியத்தை உடலுக்குள் திருப்பி இழுக்கச் செய்கிறது. சோடியம் போகும் வழியில் நீரும் பின்தொடரும். 2005இல் வெளியான எலி ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின: சேகரிப்புக் குழாயில் மட்டும் இந்த ஏற்பி நீக்கப்பட்ட எலிகளுக்கு, இவ்வகை மருந்து கொடுத்தபோது எதிர்பார்த்த அளவு நீர் தேங்கவில்லை. இத்துடன் ரத்த நுண்குழாய்களின் சுவர் சற்றுக் கசிவுத் தன்மை பெறுவதும் சேர்ந்துகொள்வதால், தேங்கிய நீர் கணுக்காலைச் சுற்றி இறங்குகிறது.

இன்சுலினுக்கும் சிறுநீரகத்தில் சோடியத்தைத் தக்கவைக்கும் இயல்பு உண்டு. ஆகவே இரண்டும் சேரும்போது வீக்கம் பெருகுகிறது. மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டில் தொகுக்கப்பட்ட ஆய்வுகளில், தனியாகப் பயோகிளிட்டசோன் எடுத்துக்கொண்டவர்களில் 4.8 விழுக்காட்டினருக்கு வீக்கம் வந்தது; வெற்று மாத்திரையில் இது 1.2 விழுக்காடு. இன்சுலினுடன் சேர்த்துக் கொடுத்தபோது அது 15.3 விழுக்காடாக உயர்ந்தது. இன்சுலினை மட்டும் பெற்றவர்களிடம் இது 7.0 விழுக்காடு.

நீர் தேங்குவதன் இன்னொரு தடயம் ரத்தப் பரிசோதனையில் தெரியும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் ஹீமோகுளோபின் 2 முதல் 4 விழுக்காடு குறைந்தாற்போல் தோன்றும். பெரும்பாலும் முதல் நான்கிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் இது நிகழ்ந்து, பின் அப்படியே நிற்கும். 12.1 ஆக இருந்தது 11.7 ஆனால், சிவப்பணுக்கள் குறைந்துவிட்டதாக எண்ணி உடனே இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய இறக்கம் என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

## கணுக்காலிலிருந்து இதயத்துக்கு

ரத்தத்தின் கன அளவு கூடும்போது அதைச் சுற்றவிட வேண்டிய சுமை இதயத்தின் மேல் விழுகிறது. வலுவான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே விறைத்தோ பலவீனப்பட்டோ இருக்கும் இதயத்தால் தாங்க முடியாமல் போகலாம். அப்போது நீர் நுரையீரலில் பின்தேங்கி மூச்சுத்திணறல் ஏற்படுகிறது. இதயச் செயலிழப்பு என்று சொல்லப்படும் இந்நிலை, இதயம் நின்றுபோவதைக் குறிப்பதல்ல. அதன் இறைக்கும் திறன் உடலின் தேவைக்குப் போதாமல் போவதைக் குறிப்பது.

புரோஆக்டிவ் ஆய்வில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் பயோகிளிட்டசோன் பிரிவில் 6 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 4 விழுக்காடு. இதயச் செயலிழப்பால் நேர்ந்த இறப்புகளில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இங்கே ஒரு நுட்பமான முடிவு கிடைக்கிறது: இந்த மருந்து இதயத் தசையை நேரடியாகக் கெடுக்கிறது என்பதைவிட, நீரை ஏற்றி, மறைந்திருக்கும் பலவீனத்தை வெளிக்கொண்டுவருகிறது என்று கொள்வதே பொருத்தம். 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வகை மருந்துகள் அனைத்துக்கும் மிக உயர்ந்த நிலை எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அங்கே கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருந்தைத் தொடங்கவே கூடாது. ஐரோப்பிய விதியோ எந்த நிலை இதயச் செயலிழப்பானாலும், முன்பு இருந்து சரியானதாக இருந்தாலும், கூடாது என்கிறது. இவ்விரண்டில் ஐரோப்பிய விதியே எனக்கு நியாயமாகப் படுகிறது. சர்க்கரையைக் குறைக்க வேறு வழிகள் பல இருக்கும்போது, லேசான செயலிழப்பு உள்ளவரிடம் இந்தப் பரீட்சை தேவையில்லை.

மறுபக்கமும் உண்டு. நீரிழிவு இல்லாத, ஆனால் இன்சுலின் எதிர்ப்பு உள்ள, பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களிடம் நடத்தப்பட்ட ஐரிஸ் ஆய்வு 2016இல் வெளியானது. அதில் மீண்டும் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள் மருந்துப் பிரிவில் 9.0 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 11.8 விழுக்காடு. அதே ஆய்வில் மருந்து பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 4.5 கிலோவுக்கு மேல் எடை கூடியது. எலும்பு முறிவுகளும் கூடின. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டதால்தான் அந்த ஆய்வில் இதயச் செயலிழப்பு பெரிதாகத் தலைதூக்கவில்லை. மருந்தைவிட, அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்ற தேர்வே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து சான்றாகின்றன.

## ஒரே 2.8 கிலோ, இருவேறு பொருள்

எடை கூடினால் அது கொழுப்பா, நீரா என்று எப்படிப் பிரித்தறிவது? விளக்கத்துக்காக ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 61 வயதுப் பெண், எடை 64.0 கிலோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. உண்டு. இவருக்குப் பயோகிளிட்டசோன் 15 மி.கி. சேர்க்கப்படுகிறது.

முதல் சாத்தியத்தில், எடை மெல்ல மெல்ல ஏறுகிறது. முதல் மாத முடிவில் 64.5, மூன்றாம் மாதத்தில் 65.7, ஆறாம் மாதத்தில் 66.8. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுவதில்லை. இரவில் முன்புபோலவே ஒரு தலையணையில் படுக்கிறார். எச்பிஏ1சி 7.4க்கு இறங்கியிருக்கிறது. இங்கே கூடிய 2.8 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு.

இரண்டாம் சாத்தியத்தில், இரண்டாம் வாரம் 64.4, நான்காம் வாரம் 65.2, ஐந்தாம் வாரம் 65.3. அதிலிருந்து நான்கே நாளில் 66.8. இந்த நான்கு நாள் ஏற்றம் 1.5 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி உபரியாக வேண்டும்; அப்படியானால் 1.5 கிலோவுக்கு 11,550 கலோரி. நான்கு நாளுக்குப் பிரித்தால், தேவைக்கு மேல் தினமும் 2,900 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். அது நடக்கக்கூடியதன்று. மாறாக, 1.5 லிட்டர் நீரைச் செல்களுக்கு வெளியே தேக்கிவைக்க உடலுக்குத் தேவைப்படுவது சுமார் 13 கிராம் உப்பு மட்டுமே. அதாவது தினமும் உண்ணும் உப்பில் மூன்று கிராமுக்குச் சற்று மேல் வெளியேறாமல் நின்றால் போதும். ஊறுகாயும் அப்பளமும் தட்டில் இருக்கும் வீட்டில் இது எளிதில் நடந்துவிடும். எனவே சில நாள்களில் ஏறிய எடை நீர் என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

இரு சாத்தியங்களிலும் தராசு காட்டும் எண் 66.8 தான். வேறுபாடு ஏறிய வேகத்தில் இருக்கிறது. திசுக்களில் இரண்டு மூன்று லிட்டர் நீர் சேர்ந்த பிறகுதான் வழக்கமாகக் குழி விழும் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் என்பதால், காலைப் பார்ப்பவருக்குமுன் தராசைப் பார்ப்பவருக்கே செய்தி முதலில் கிடைக்கும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், உணவுக்குமுன், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்துவைப்பது, குறிப்பாக முதல் மூன்று மாதங்களிலும் மருந்தளவு கூட்டப்படும்போதும், இந்த மாத்திரைக்கு உரிய கண்காணிப்பு.

அடுத்து இந்தப் பெண்ணின் அம்லோடிபின். அதுவும் கணுக்காலை வீங்கச் செய்யும். ஆனால் அது முக்கியமாக நுண்குழாய்களின் அழுத்தத்தை மாற்றி, இருக்கும் நீரை இறங்கவைக்கிறது. உடலின் மொத்த நீரைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. மாலையில் கால் வீங்கியிருக்கிறது, எடையோ நகரவில்லை என்றால் அம்லோடிபினைச் சந்தேகிக்கலாம். வீக்கமும் எடையும் சேர்ந்து ஏறினால் பயோகிளிட்டசோனையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலினும், கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் இந்தக் கணக்கைக் குழப்பக்கூடியவை. மருத்துவரிடம் அவற்றையும் சொல்ல வேண்டும்.

கீழ்க்காண்பவை தென்பட்டால் அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது:

1. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, அல்லது இரண்டு மூன்று தலையணை தேவைப்படுவது.

2. நள்ளிரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காருவது.

3. முன்பு எளிதாக ஏறிய மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவது.

4. மூன்று நான்கு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறுவது.

முதல் இரண்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். அங்கே இதயத்தின் மீயொலி ஸ்கேனும், இதயம் திணறும்போது ரத்தத்தில் உயரும் பிஎன்பி என்ற பொருளின் அளவும் நிலைமையைத் தெளிவுபடுத்தும்.

## வீக்கம் வந்தபின் என்ன செய்யப்படுகிறது

வழக்கமாக முதலில் கைக்கு வருவது ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை. ஆனால் பயோகிளிட்டசோனின் வீக்கத்தில் அது பல நேரம் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. ஃபுரோசமைடு வேலை செய்யும் இடம் சிறுநீரகக் குழாயின் நடுப்பகுதி. பயோகிளிட்டசோன் சோடியத்தைத் திருப்பி இழுப்பதோ அதற்கும் கீழே, கடைசிப் பகுதியில். மேலே விடுவிக்கப்படும் சோடியத்தைக் கீழே மறுபடி பிடித்துக்கொள்ள முடிகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோனால் நீர் தேங்கியவர்களிடம் 2006இல் வெளியான ஆய்வில், ஸ்பைரோனோலாக்டோனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பலன் தந்தன, ஃபுரோசமைடு தரவில்லை. இதயச் செயலிழப்பே வந்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே ஃபுரோசமைடு தேவைப்படும், பயோகிளிட்டசோன் நிறுத்தப்படும்.

லேசான வீக்கம் மட்டும் என்றால் மருந்தளவை 15இலிருந்து 7.5 மி.கி.க்குக் குறைப்பதே எளிய வழி. நீரை ஏற்றும் விளைவு மருந்தளவோடு சேர்ந்து இறங்கும். சர்க்கரையைக் குறைக்கும் பலனில் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் சிறுநீர் வழியே குளுக்கோஸையும் சோடியத்தையும் வெளியேற்றுவதால், அவற்றைப் பயோகிளிட்டசோனுடன் சேர்த்துக் கொடுப்பதும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. எடையையும் நீரையும் இந்தச் சேர்க்கை ஓரளவு சமன்செய்யும் என்பது உண்மை. ஆயினும் இதயச் செயலிழப்பு உள்ளவருக்குப் பயோகிளிட்டசோனைக் கொடுக்க அது அனுமதிச் சீட்டாகாது.

## பட்டையைப் படிப்பது

பலர் பயோகிளிட்டசோனைத் தனி மாத்திரையாக வாங்குவதில்லை. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கிய கூட்டு மருந்துகள் கடைகளில் பரவலாக விற்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்பவரிடம் "பயோகிளிட்டசோன் எடுக்கிறீர்களா?" என்று கேட்டால், இல்லை என்றே நேர்மையாகப் பதில் சொல்வார். வணிகப் பெயரின் இறுதியில் வரும் "பி" என்ற எழுத்து பல நேரம் இதைக் குறிக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. பட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உட்பொருள் வரியே உறுதியான சான்று. இதய மருத்துவரிடமோ, கால் வீக்கத்துக்காக வேறொரு மருத்துவரிடமோ போகும்போது பட்டையையே கையில் எடுத்துச் செல்வது இதனால்தான் முக்கியமாகிறது.

கூட்டு மாத்திரைக்கு இன்னொரு குறையும் உண்டு. பயோகிளிட்டசோனை மட்டும் நிறுத்த வேண்டிய நிலையில் அந்த மாத்திரையை அப்படியே விட்டுவிட்டால், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தே நின்றுபோய், இரண்டொரு நாளில் சர்க்கரை எகிறத் தொடங்கும். ஆகவே மற்ற இரண்டும் மட்டும் உள்ள மாத்திரைக்கு மாற்றி எழுதித்தர வேண்டும். அப்படி மாற்றிய பிறகு, தேங்கிய நீர் பொதுவாக சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் வடிந்துவிடும், தராசில் முதலில் இறங்குவது அந்த எடைதான். சேர்ந்த கொழுப்பு உணவாலும் நடையாலும் மட்டுமே குறையும். பயோகிளிட்டசோன் தந்த இன்சுலின் உணர்திறன், வந்ததைப் போலவே மெதுவாக, சில வாரங்களில் மங்கும். அதனால் நிறுத்திய மறுவாரம் நன்றாக இருக்கும் சர்க்கரை அளவை வைத்து இனி மாற்று மருந்து வேண்டாம் என்று முடிவுசெய்யாமல், ஆறு வாரம் கழித்து ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.